ஐந்து நிலைக் கோபுரத்தை எழுத்தில் கட்டியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூர் நாயக்கர் காலத்து ஊர் ஒன்றைக் கணினியில் முப்பரிமாணமாக எழுப்பி, அதை வைத்து ஒரு வரலாற்றுக் குறும்படம் எடுக்க ஒரு குழு முயன்றது. காலம் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஊர் கற்பனை ஊர். அதன் நடுவில் ஒரு சிவன் கோயிலும் அதற்கு ஐந்து நிலை ராஜகோபுரமும் வரவேண்டும்.

கற்பனை ஊர் என்பதால் இருக்கிற கோபுரம் எதையும் அப்படியே அளந்து படியெடுக்க முடியாது. படியெடுத்தால் பார்க்கிறவர்கள் "இது இன்ன ஊர்க் கோபுரமாயிற்றே" என்று சொல்லிவிடுவார்கள். எனவே எந்தக் கோயிலுக்கும் சொந்தமில்லாத, ஆனால் அந்தக் காலத்தில் அந்த மண்ணில் நின்றிருக்கக்கூடிய ஒரு கோபுரம் தேவைப்பட்டது. மாடல் செய்த இரண்டு இளைஞர்களும் வேறு நகரத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது எழுத்து விவரணையும் சில புகைப்படங்களும் மட்டும்தான்.

படத்தில் கோபுரம் மூன்று இடங்களில் வரும். வயல்வெளிக்கு அப்பால் காலை வெயிலில் தெரியும் தொலைதூரக் காட்சி ஒன்று. தேரடித் தெருவிலிருந்து பார்க்கும் நடுத்தூரக் காட்சி ஒன்று. வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் காட்சி ஒன்று. எதை எவ்வளவு நுணுக்கமாக விவரிக்க வேண்டும் என்பதை இந்த மூன்று தூரங்களும்தான் பின்னால் தீர்மானித்தன.

முதல் மாடல் வந்து, அது சரியில்லை என்று எல்லாரும் உணர்ந்து, ஏன் சரியில்லை என்று யாராலும் சொல்ல முடியாத கட்டத்தில் விவரணை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் மாடலில் கண்டவை

மாடலர்களுக்கு முதலில் அனுப்பப்பட்ட குறிப்பு இவ்வளவுதான்: "நாயக்கர் காலத்து ஐந்து நிலை ராஜகோபுரம். நுணுக்கமான சிற்பங்கள் நிறைந்தது. வானுயர்ந்து கம்பீரமாக நிற்க வேண்டும். உச்சியில் கலசங்கள்." கூடவே நான்கைந்து புகைப்படங்கள். அவற்றில் இரண்டு தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் படங்கள்.

மாடலர்கள் இருவரும் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் வந்த மாடலில் ஐந்து பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. முதல் நிலையைச் செய்துவிட்டு, அதையே படியெடுத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுருக்கி மேலே வைத்திருந்தார்கள். உச்சியில் வண்டிக்கூண்டு வடிவச் சாலைக் கூரைக்குப் பதிலாக எட்டுப் பட்டையுள்ள குவிந்த சிகரம் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் கலசங்கள் வட்டமாக நின்றன. சுவர் தெரியாத அளவுக்கு உருவங்கள். பன்னிரண்டு பொம்மைகளைச் செய்து அவற்றையே நான்கு பக்கமும் சீரான இடைவெளியில் ஒட்டியிருந்தார்கள். பல உருவங்களின் பாதத்துக்குக் கீழே எதுவும் இல்லை. சுவரிலிருந்து முளைத்தாற்போல் அந்தரத்தில் நின்றன. அடி முதல் முடி வரை எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கல்.

சிகரம் எங்கிருந்து வந்தது என்பது உடனே தெரிந்தது. பெரிய கோயிலில் வானளாவி நிற்பது கருவறைக்கு மேலுள்ள விமானம். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த அந்த விமானம் சதுரத் தரையிலிருந்து 13 நிலைகளாகக் கருங்கல்லிலேயே எழுந்து, எட்டுப் பட்டைச் சிகரத்தில் ஒற்றைக் கலசத்தோடு முடிகிறது. அந்தக் கோயிலின் கோபுரங்கள் அதற்கு முன்னால் தாழ்வாக, அகலமாக உட்கார்ந்திருக்கின்றன: கேரளாந்தகன் வாயில் ஐந்து நிலை, ராஜராஜன் வாயில் மூன்று நிலை. கோபுரம் என்பது வாசல். நடுவே வழி போக வேண்டும் என்பதால் தரைத்திட்டம் நீள்சதுரம். நீண்ட பக்கம்தான் முகப்பு, குறுகிய பக்கத்தின் போக்கில்தான் நடந்து உள்ளே போகிறோம். நீள்சதுரத்தின் மேல் இயல்பாகப் பொருந்துவது வண்டிக்கூண்டு போல் வளைந்த சாலைக் கூரை. அதன் முதுகு நீளவாக்கில் ஓடுவதால் கலசங்கள் வரிசையாக நிற்கின்றன.

இதைச் சொன்னதும் மாடலர்கள் சிகரத்தை மாற்றிவிட்டார்கள். மற்றவை அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. "நுணுக்கமான", "கம்பீரமான" என்ற சொற்களுக்கு உருவம் கிடையாது. அவற்றைப் படித்தவர்கள் உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், வேறென்ன செய்ய முடியும்? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை நினைத்துப் பாருங்கள். 11 நிலை, அரசின் சின்னத்திலேயே இருக்கிறது. மதுரைக் கோபுரங்களைப் போல் அதில் சுதை உருவங்கள் மொய்ப்பதில்லை. அதனால் அது கோபுரமாகத் தெரியாமல் போகவில்லை. உருவங்களை மொத்தமாக எடுத்துவிட்டாலும் கோபுரம் கோபுரமாகத் தெரிய வேண்டும் என்ற அளவுகோல் எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தது.

ஸ்தபதியிடம் கேட்டது

கும்பாபிஷேகத் திருப்பணிகளில் பல வருடம் சுதை வேலை பார்த்த ஸ்தபதி ஒருவரிடம் மாடலைக் காட்டினோம். அவர் உருவங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரையில் இரண்டாம் நிலை தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, இந்த நிலை எங்க உட்காருது?"

"கீழ் நிலைக்கு மேலதாங்க ஐயா."

"மேலன்னா? கீழ்ச் சுவர் எங்க முடியுது, மேல்ச் சுவர் எங்க ஆரம்பிக்குது? நடுவுல ஒரு திண்ணை வரணுமே. அந்தத் திண்ணையில நிக்கிறதுதான் கூடமும் சாலையும். அதுக்கு இடமே விடாம பொம்மையை எங்க நிறுத்துவீங்க?"

மாடலில் இருந்த குறை முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது. கோபுரத்தில் ஒவ்வொரு நிலையும் கீழ் நிலையைவிடச் சற்று உள்வாங்கி எழும். அந்த உள்வாங்கலால் கிடைக்கும் விளிம்புதான் அவர் சொன்ன திண்ணை. அதன்மேல் சிறு கோயில்கள் போல ஒரு வரிசை நிற்கிறது: மூலைகளில் சதுரமான கூடம், நடுவில் நீண்ட சாலை, இடையில் ஒடுங்கிய பஞ்சரம். மேல் நிலைச் சுவரின் அடிப்பகுதி இந்த வரிசைக்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால்தான் நிலைகள் அடுக்கிய பெட்டிகளாகத் தெரியாமல் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்து எழுவதாகத் தெரிகின்றன. முதல் மாடலில் உள்வாங்கல் பெயரளவுக்கே இருந்தது. சிறு கோயில் வரிசை அறவே இல்லை. உருவங்கள் அந்தரத்தில் நின்றதும் அதனால்தான்.

எடுத்த முடிவு: ஒரு நிலையை முழுதாக, மற்றவற்றை விதியாக

புதிய விவரணையை அலங்காரத்திலிருந்து தொடங்காமல், கட்டுகிறவர் கல் வைக்கும் வரிசையில் கீழிருந்து மேலாக எழுதுவது என்று முடிவு செய்தோம். ஒரு நிலையை மட்டும் முழுமையாக எழுதி, மற்ற நான்கும் அதிலிருந்து எப்படி மாறுகின்றன என்பதை விதியாகக் கொடுப்பது. ஐந்தையும் தனித்தனியே எழுதினால் மாடலர்களுக்குக் குழப்பம். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு "இதேபோல் ஐந்து" என்றால் மறுபடியும் பெட்டி அடுக்குதான் வரும்.

முதலில் எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்குவது என்பதையே எழுத வேண்டியிருந்தது. கோபுரத்தின் கீழ்ப்பகுதி கருங்கல். அதைக் கல்காரம் என்பார்கள். அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும், மேல்பூச்சாகச் சுதை. தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணுகிறவர்களும் உண்டு, மேலுள்ள நிலைகளை மட்டும் எண்ணுகிறவர்களும் உண்டு. நாங்கள் "கல்காரம் கணக்கில் இல்லை, அதற்கு மேல் ஐந்து" என்று எழுதினோம். கல்காரத்தின் உச்சியில் வெளியே நீளும் கொடுங்கையோடு கல் முடிகிறது என்ற வரியையும் சேர்த்தோம். கீழே கனமான, கூர்மையான விளிம்புள்ள கருங்கல். மேலே விளிம்புகள் மழுங்கிய சுண்ணாம்புப் பூச்சு. பொருள் மாறும் அந்தக் கோடு இல்லாவிட்டால் எந்த வெளிச்சத்திலும் கோபுரம் பொம்மைபோலத்தான் இருக்கும்.

முதல் நிலைக்கு எழுதிய விவரணையின் மையப் பகுதி இது:

"கல்காரக் கொடுங்கைக்கு மேல், சுவர் நான்கு பக்கமும் உள்வாங்கித் தொடங்குகிறது. சுவரில் அரைத்தூண்கள். அவை சுவரை அங்கணங்களாகப் பிரிக்கின்றன: முகப்பின் நடுவில் முன்தள்ளிய அகன்ற அங்கணம், அதன் இருபுறமும் பின்வாங்கிய குறுகிய அங்கணங்கள், மூலையில் மீண்டும் முன்தள்ளிய அங்கணம். நடு அங்கணத்தில் கதவளவு திறப்பு, உள்ளே இருட்டு. அரைத்தூண்களின் உச்சியில் போதிகை. போதிகை தாங்குவது உத்திரம். உத்திரத்துக்கு மேல் கொடுங்கை. கொடுங்கை வெளியே நீண்டு, வளைந்து கீழிறங்குகிறது. அதன் அடிப்புறம் நிழலில் இருக்கிறது. கொடுங்கையின் முகத்தில், ஒவ்வொரு அங்கணத்துக்கும் நேராகக் குதிரைலாட வடிவக் கூடுகள். கொடுங்கைக்கு மேல் திண்ணை. திண்ணையின் மூலைகளில் கூடம், நடு அங்கணத்துக்கு நேரே சாலை, இடையில் பஞ்சரம். இவற்றின் பின்னால் அடுத்த நிலையின் சுவர்."

இதில் "நேராக", "நேரே" என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. கோபுரத்தில் எதுவும் சும்மா நிற்பதில்லை. கீழே தூண் முன்தள்ளினால் அதற்கு மேலுள்ள கொடுங்கையும் அதே இடத்தில் முன்தள்ளும். அதற்கு மேல் நிற்கும் சாலையும் தள்ளும். அடுத்த நிலையின் அங்கணமும் தள்ளும். வாசலிலிருந்து உச்சிச் சாலைக் கூரையின் நடு வளைவு வரை இப்படி ஒரு முதுகெலும்பு ஓடுகிறது. அந்தச் செங்குத்துக் கோட்டில் ஓர் இடத்தில் பிசகினாலும், என்ன பிழை என்று சொல்லத் தெரியாதவருக்குக்கூடக் கண்ணில் உறுத்தும்.

காலத்தைக் காட்டும் நுணுக்கம் ஒன்றையும் விவரணையில் வைத்தோம். சோழர் காலப் போதிகை வெட்டு முகத்தோடு எளிமையாக இருக்கும். நாயக்கர் காலத்துக்கு வரும்போது அது தாமரை மொட்டாகக் கீழே தொங்கும். பூமுனைப் போதிகை என்பது அதுதான். வாசலில் நின்று பார்க்கும் காட்சியில் கல்காரத்தின் போதிகைகள் நன்றாகத் தெரியும் என்பதால், அங்கே மட்டும் மொட்டின் இதழ்கள் வரை செய்யச் சொன்னோம். மேல் நிலைகளில் மொட்டின் வெளிக்கோடு போதும்.

அளவுகள்: எங்கே இடறியது

அடித்தளத்தில் முகப்பு 16 மீட்டர், ஆழம் 11 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். கல்காரத்தின் உயரம் 7.5 மீட்டர். அதற்கு மேல் ஐந்து நிலைகளின் உயரம் முறையே 3.2, 2.9, 2.6, 2.3, 2.1 மீட்டர். சாலைக் கூரையும் அதன் கழுத்தும் சேர்ந்து சுமார் 4 மீட்டர். கலசங்கள் ஒரு மீட்டரை ஒட்டி. மொத்தம் ஏறக்குறைய 26 மீட்டர். இவை எந்தக் கோயிலிலும் அளந்தவை அல்ல. ஐந்து நிலைக் கோபுரத்துக்குப் பொருத்தமாக ஸ்தபதியோடு உட்கார்ந்து பேசி வைத்தவை.

இரண்டாவது மாடலில் நிலைகள் முளைத்து எழுந்தன. திண்ணையும் கூட வரிசையும் வந்தன. ஆனாலும் இரண்டு உறுத்தல்கள்.

ஒன்று, உச்சி தடித்திருந்தது. மேல் நிலைகளைச் செய்ய மாடலர்கள் கீழ் நிலையை மொத்தமாகச் சுருக்கியிருந்தார்கள். மென்பொருளில் அதுதான் எளிது. அப்படிச் சுருக்கினால் முகப்புக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதம் எல்லா நிலையிலும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் உண்மையில் சுவர் உள்வாங்குவது நான்கு பக்கமும் ஒரே அளவாக. 14.6 மீட்டர் முகப்பில் 1.2 மீட்டர் குறைவதும், 9.6 மீட்டர் ஆழத்தில் அதே 1.2 மீட்டர் குறைவதும் ஒன்றல்ல. ஆழம் வேகமாக ஒடுங்கும். அதனால் மேலே போகப் போகக் கோபுரம் மெலிந்து நீளும். எங்கள் கணக்கில் முதல் நிலை 14.6 × 9.6; ஐந்தாம் நிலை 9.8 × 4.8. கீழே முகப்பு ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு. உச்சியில் இரண்டு மடங்கு. மொத்தமாகச் சுருக்கிய மாடலில் அதே ஐந்தாம் நிலையின் ஆழம் ஆறரை மீட்டர் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்த சாலைக் கூரை பீப்பாய்போல் தெரிந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது, தொலைதூரக் காட்சியில் கோபுரத்தின் வெளிக்கோடு நடுவில் புடைத்திருந்தது. இதற்குக் காரணம் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. எல்லா நிலைக்கும் உள்வாங்கல் 60 சென்டிமீட்டர் என்று ஒரே அளவாக வைத்திருந்தோம். நிலைகளின் உயரமோ மேலே போகப் போகக் குறைகிறது. உயரம் குறைந்துகொண்டே போய், உள்வாங்கல் மட்டும் மாறாமல் இருந்தால், மேல் நிலைகள் கீழ் நிலைகளைவிட அதிகமாகச் சாயும். சாய்வு மேலே கூடினால் வெளிக்கோடு புடைக்கும். நாயக்கர் காலத்து உயர்ந்த கோபுரங்களில், மதுரைத் தெற்குக் கோபுரத்தில் போல, கோடு அதற்கு நேர் எதிராக உட்பக்கம் மெல்லக் குழிந்து எழுகிறது. அந்தக் குழிவில்தான் எழுச்சி இருக்கிறது.

தீர்வு: உயரம் குறையும் வேகத்தைவிட உள்வாங்கல் வேகமாகக் குறைய வேண்டும். நிலைக்கு நிலை உள்வாங்கலை 80, 65, 52, 41 சென்டிமீட்டர் என்று மாற்றினோம். கீழ் நிலையின் உயரத்தில் முதலாவது நான்கில் ஒரு பங்கு, கடைசி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கோடு மெல்லக் குழிந்தது. உருவம் ஒன்றுகூட ஒட்டாத வெற்று மாடலைக் காலை வெயிலில் ரெண்டர் செய்து பார்த்தபோது, குழுவில் எல்லாரும் முதல்முறையாக "இது கோபுரம்" என்றார்கள்.

அந்த ரெண்டரில் இன்னொன்றும் தெரிந்தது. தொலைவிலிருந்து பார்க்கும்போது நிலைகளை எண்ண வைப்பது கொடுங்கைகளின் நிழல்தான். ஐந்து கிடைமட்ட நிழல்கோடுகள், மேலே போகப் போக நெருங்கி வருகின்றன. கொடுங்கை சுவரைவிட்டு வெளியே நீளும் அளவு குறைந்திருந்த ஒரு பதிப்பில் இந்தக் கோடுகள் மங்கி, கோபுரம் சொரசொரப்பான ஒரு மலையாகிவிட்டது. சூரியனை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்ப்பதைவிட, கொடுங்கையை ஒரு சாண் வெளியே இழுத்தது அதிகப் பலன் தந்தது.

உருவங்களை நிறுத்தியது

உருவங்களுக்கு நாங்கள் வைத்த விதி ஒன்றே: ஒவ்வொரு உருவமும் எதன்மேல் நிற்கிறது, எதில் சாய்ந்திருக்கிறது என்று எழுத முடியாவிட்டால் அந்த உருவம் வேண்டாம்.

இது சுதை வேலையின் இயல்பிலிருந்தே வருகிறது. செங்கல்லை வைத்து உடலின் உருவைக் கட்டி, சுண்ணாம்புச் சாந்தில் சதையேற்றி, மேலே நைசான சாந்தால் முகமும் நகையும் வடிக்கிறார்கள். உருவம் அந்த இடத்திலேயே சுவரோடு சேர்ந்து வளர்கிறது. அதன் முதுகு சுவரில் ஒட்டியிருக்கும். பாதம் திண்ணையிலோ கொடுங்கையின் மேல்விளிம்பிலோ ஊன்றியிருக்கும். கைகள் உடலை விட்டு வெகுதூரம் போகா. முதல் மாடலின் பொம்மைகள் எல்லாப் பக்கமும் முழுமையாகச் செதுக்கப்பட்டுச் சுவருக்கு முன்னால் மிதந்தன; முதுகுக்கும் சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. அந்த ஓர் இடைவெளியே அவற்றைப் பிளாஸ்டிக் பொம்மைகளாக்கிவிட்டது.

உருவங்களை மூன்று அளவாகப் பிரித்தோம். ஒவ்வொரு நிலையின் திறப்புக்கும் இருபுறம் துவாரபாலகர். இவர்கள்தான் பெரியவர்கள், ஏறக்குறைய அரைத்தூணின் உயரம். பக்க அங்கணங்களில் தெய்வ உருவங்கள், அவற்றைவிடச் சிறியவை. கூடங்களுக்கும் பஞ்சரங்களுக்கும் இடையே பரிவாரங்கள், முனிவர்கள். மூலைகளில் தோளால் கொடுங்கையைத் தூக்குவதுபோல் குந்தியிருக்கும் பூதகணங்கள். அளவுகளில் இந்த ஏற்றத்தாழ்வு வந்ததும் கண் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. முன்பு எல்லாம் ஒரே உயரமாக இருந்ததால் கண் எங்குமே நிற்கவில்லை.

உருவங்களின் எண்ணிக்கை முதல் மாடலில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. இதைத் தயாரிப்பாளர் முதலில் ஏற்கவில்லை. "காசு கொடுக்கிறோம், சிற்பம் குறையுதே சார்" என்றார். குறைந்த எண்ணிக்கையையும் முன்பிருந்த எண்ணிக்கையையும் அடுத்தடுத்து ரெண்டர் செய்து காட்டியபின் பேசாமல் ஒப்புக்கொண்டார். உருவங்களுக்கு இடையே அரைத்தூணும் சுவரும் தெரியும்போதுதான் அவை கட்டடத்தில் நிற்கின்றன என்று நம்ப முடிகிறது.

உருவங்களின் அடையாளத்தில் ஒரு பிழை நடுவில் அகப்பட்டது. முதல் மாடலின் துவாரபாலகர்கள் சங்கு சக்கரத்தோடு நின்றார்கள். அவர்கள் பெருமாள் கோயில் வாசலுக்குரியவர்கள். சிவன் கோயிலில் கோரைப்பற்களோடு, கதையில் ஒரு காலை ஊன்றி, ஒரு கையின் ஆள்காட்டி விரலை உயர்த்தி எச்சரிக்கும் துவாரபாலகர் வேண்டும். விவரணையில் "சிவன் கோயில்" என்ற சொல் இருந்தும், அது துவாரபாலகரின் கை வரைக்கும் போய்ச் சேரவில்லை. அதன்பின் கைகளில் என்ன இருக்கிறது என்பதை உருவம் உருவமாக எழுதினோம்.

இன்னொரு முடிவு, இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கக் கூடாது என்பது. அங்கணங்களின் அமைப்பு இருபுறமும் ஒன்றுதான். துவாரபாலகரின் நிலையும் ஒன்றுக்கொன்று எதிர்முகம்தான். ஆனால் பக்க அங்கணத் தெய்வங்கள் இருபுறமும் வேறுவேறு. ஒருபுறம் ரிஷபாரூடர் என்றால் மறுபுறம் பிட்சாடனர். மாடலர்கள் பாதியைச் செய்து மறுபாதியைப் புரட்டிப் போட்டிருந்ததில் இடப்பக்கத்துச் சிவன் மானையும் மழுவையும் கை மாற்றிப் பிடித்திருந்தார். தெரியாதவர்கள் கவனிக்க மாட்டார்கள். தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் படமே ஓடாது.

வாசலைக் காட்டும் அண்ணாந்த காட்சிக்குக் கல்லில் ஒரே ஒரு நுணுக்கத்தைத் தேர்ந்தோம்: நிலைக்காலின் இருபுறமும் மகரத்தின்மேல் நிற்கும் கொடிப்பெண்கள். விஜயநகர, நாயக்கர் காலக் கோபுர வாசல்களில் இவர்களைப் பார்க்கலாம். ஒரு கையால் கொடியைப் பற்றியிருக்கிறாள். அந்தக் கொடி சுருள் சுருளாக நிலைக்கால் முழுதும் ஏறிப் போகிறது. கண்ணை மேலே இழுத்துச் செல்ல அதைவிட நல்ல வழி கிடையாது. சுருள் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சிற்றுருவம் வைக்கச் சொன்னோம். கண்மட்டத்தில் உள்ள முதல் சில சுருள்களில் அந்த உருவங்களைத் தெளிவாகவும், அதற்கு மேல் வடிவம் மட்டுமாகவும் செய்தார்கள்.

நிறத்தில் அதிகம் தடுமாறவில்லை. இன்றைய திருப்பணிகளில் பூசும் பளபளப்பான வண்ணங்களைத் தவிர்த்து, சுண்ணாம்பின் வெளிறிய நிறத்தையும் காவியையும் அடிப்படையாக வைத்தோம். கொடுங்கைகளுக்குக் கீழே மழைநீர் வழிந்த கறுப்புத் தாரைகள், திண்ணைகளில் பாசி.

விளைவு

மூன்றாவது மாடலை ஸ்தபதியிடம் காட்டினோம். தொலைதூரக் காட்சியைப் பார்த்துத் தலையசைத்தார். தெருக் காட்சியில் உச்சியைப் பெரிதாக்கச் சொன்னார். சாலைக் கூரையின் இரு முனைகளிலும் உள்ள பெரிய வளைவுகள் மொட்டையாக முடிந்திருந்தன. "முனையில யாளி முகம் வாயைப் பிளந்துகிட்டு உட்காரணும். அது இல்லாட்டி கூரை பாதியில அறுந்த மாதிரி இருக்கும்" என்றார். விவரணையில் கூரையின் முனைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கீழிருந்து மேலாக எழுதி வந்த விவரணை கலசங்களோடு நின்றுவிட்டது. பக்கவாட்டு முகம் யாருடைய கண்ணிலும் படவில்லை. முகங்கள் சேர்ந்தன. கலசங்கள் ஐந்தும் அவற்றுக்கிடையே முதுகின்மேல் சீராக உட்கார்ந்தன.

படம் வெளியானபின் பார்த்தவர்களில் சிலர் இது எந்த ஊர்க் கோயில் என்று கேட்டார்கள். திருப்பணி வேலையில் இருக்கும் ஒருவர், மூன்றாம் நிலையின் திறப்பு கொஞ்சம் அகலம் என்று எழுதியிருந்தார். அளந்து பார்த்தோம்; அவர் சொன்னது சரி. அந்த நிலையில் மட்டும் திறப்பைச் சுருக்காமல் விட்டிருந்தார்கள்.

சரியாக வராமல் போனவையும் உண்டு. வாசல் காட்சியில் கருங்கல் மிகவும் புதிதாக இருக்கிறது. மனிதக் கை படும் உயரத்தில் கல் எண்ணெயும் விபூதியும் ஏறிக் கறுத்து வழவழத்திருக்க வேண்டும். அந்த உயரத்துக்கும் அதற்கு மேலுள்ள சொரசொரப்பான கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை விவரணையில் எழுதியிருந்தும், நேரம் இல்லாமல் விடப்பட்டது. கோபுரத்தின் பின்பக்கம் முன்பக்கத்தின் படிதான். காட்சியில் வராததால் அப்படியே இருக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

விவரணைக்கு முன்பே வெளிக்கோட்டை முடிவு செய்ய வேண்டும். நிலைகளின் உயரம், உள்வாங்கல், முகப்பு, ஆழம் ஆகிய நான்கையும் ஒரே அட்டவணையில் போட்டு, அதிலிருந்து வெறும் கட்டங்களாக ஒரு மாடல் செய்து, எதிர்வெயிலில் கருநிழலாக ரெண்டர் செய்து பார்த்திருந்தால் புடைப்பும் தடித்த உச்சியும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். உருவங்கள் ஒட்டியபின் அளவை மாற்றியதால் பல உருவங்களை மறுபடி நிறுத்த வேண்டியதாயிற்று.

புகைப்படங்களைத் தேர்ந்த விதமும் மாற வேண்டும். முழுக் கோபுரத்தின் படங்கள் மாடலருக்கு அதிகம் உதவவில்லை. கீழிருந்து எடுத்த படத்தில் கொடுங்கை திண்ணையை மறைத்துவிடுகிறது. நிலைகள் நேரடியாக ஒன்றன்மேல் ஒன்று நிற்பதாகத் தோன்றுகிறது. முதல் மாடலின் பெட்டி அடுக்குக்கு அந்தப் படங்களுக்கும் பங்குண்டு. எதிர்மாடியிலிருந்தோ குன்றிலிருந்தோ ஒரு நிலையின் உயரத்துக்கு நேராக எடுத்த ஒற்றைப் படம் அவற்றையெல்லாம்விட மேல். திருப்பணிக்குச் சாரம் கட்டியிருக்கும் காலத்தில், அனுமதி வாங்கி ஏறிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

விவரணையை நான்கு முகங்களுக்கும் எழுத வேண்டும். முகப்பு, பின்புறம், இரு பக்கவாட்டுகள். பக்கவாட்டு முகத்தில் நடுத்திறப்பு கிடையாது, அங்கணங்கள் குறைவு, உச்சியில் சாலைக் கூரையின் முனை வளைவு நேரே தெரியும். இதை ஒரு பத்தியில் எழுதிவிடலாம். இப்போது அந்தப் பத்தியை எழுதி விவரணையோடு சேர்த்துவிட்டோம்; பின்பக்கத்தைத் தனியாகச் செய்யும் வேலையும் தொடங்கியிருக்கிறது.